தலையில் அடிபட்ட பிள்ளையைத் திரும்ப எப்போது விளையாட விடலாம்?

வன்னியில் பாடசாலைப் போட்டிகள் நடக்கும் மைதானங்கள் பலவற்றில் வைத்தியர் இருக்கமாட்டார். ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கும், சில வேளை முதலுதவிப் பயிற்சி பெற்ற மாணவர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். பந்துக்காகப் பாய்ந்த இரண்டு பிள்ளைகளின் தலைகள் மோதி ஒருத்தி விழுந்துவிட்டால், என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் பயிற்றுநர்தான். விழுந்த பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரியும். பிழை நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். நாலைந்து நாளில் பிள்ளை சிரித்துக்கொண்டு பயிற்சிக்கு வந்து நிற்கும். அடுத்த கிழமை மாகாண மட்டப் போட்டி இருக்கும். "சேர், எனக்கு ஒண்டுமில்லை, விளையாடுறன்" என்று அது சொல்லும். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பது விளங்கினால்தான் பயிற்றுநரால் பிடிவாதமாக நிற்க முடியும். தலை பலமாக ஆடும்போது மண்டையோட்டுக்குள் மூளையும் ஆடுகிறது. இதை மூளை அதிர்வு என்கிறோம். எலும்பு உடையாமல், இரத்தம் கசியாமல், நரம்புக் கலங்களின் வேலை மட்டும் குழம்பிப்போகும். குழம்பியதைச் சரிசெய்ய அந்தக் கலங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான சக்தி வேண்டும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறை சில நாட்களில் தீரலாம், சில கிழமைகளும் எடுக்கலாம். வளர்ந்தவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். அது தீருவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அடி சிறிதாக இருந்தாலும் பாதிப்புப் பெரிதாகலாம். மிக அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போய்விடும். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் ஒரு பாடசாலை றக்பி ஆட்டத்தில் பெஞ்சமின் றொபின்சன் என்ற 14 வயது மாணவன் அப்படித்தான் இறந்தான். அடிபட்ட பிறகும் அவன் மைதானத்திலேயே பார்க்கப்பட்டுத் தொடர்ந்து விளையாட விடப்பட்டிருந்தான்.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்வு என்று நம்பியிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். உண்மையில் மூளை அதிர்வு வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. கூடுதலாகக் காண்பது தலையிடி, தலைச்சுற்று, கண் மங்கல், சத்தி வருவதுபோன்ற உணர்வு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, கேட்ட கேள்விக்குப் பிந்திப் பதில் சொல்வது, காரணமில்லாமல் அழுவது அல்லது எரிந்து விழுவது ஆகியவைதான். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் நிற்பதும் ஓர் அறிகுறி. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றும் இல்லை. தாடையில் முழங்கை பட்டாலோ, முதுகடித்து விழுந்து கழுத்து உலுக்கினாலோ இதே நிலை வரலாம்.

விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. அன்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது நல்லது. இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் எந்தப் பாடசாலையோடு, அதில் வென்றோமா தோற்றோமா என்று கேட்கலாம். ஒன்றுக்குப் பதில் பிழைத்தாலும் ஆட்டம் அதோடு முடிந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும் திரும்ப இறக்கலாம் என்று அர்த்தமில்லை. இந்த இரண்டாவது வசனத்தைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டு அவர் விழுந்தார். வைத்தியர் சோதித்தார், தேறினார், அன்றே திரும்ப வந்து துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலை தலையிடியோடும் மந்தத்தோடும் எழுந்ததால் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் மூளை அதிர்வுக்கான மாற்று வீரராக டெஸ்ட் கிரிக்கெட்டில் இறங்கிய முதலாவது ஆள். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. பக்கத்திலேயே அணி வைத்தியர் இருந்த ஒருவருக்கே அறிகுறி ஒரு இரவு பிந்தி வந்தது. எங்கள் மைதானத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் வந்தாலே வெளியே எடுப்பது, எடுத்தவரை அன்று திரும்ப இறக்காமல் விடுவது என்று முதலிலேயே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகளும் இருக்கின்றன. நினைவு தப்புதல், வலிப்பு, திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கழுத்து வலி, ஒன்று இரண்டாகத் தெரிதல், கை கால் விறைத்தல் அல்லது பலமிழத்தல், குழப்பமும் நித்திரைத் தூக்கமும் கூடிக்கொண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். கழுத்து வலி இருந்தாலோ, பிள்ளை நினைவில்லாமல் கிடந்தாலோ தூக்கி நிமிர்த்த வேண்டாம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே இருத்திக் கொண்டுபோகவே கூடாது. அவசரத்தில் அன்போடு செய்யப்படும் இந்த வேலை, கழுத்தெலும்பு உடைந்திருந்தால் பிள்ளையை நிரந்தரமாக முடமாக்கிவிடும். விழுந்த இடத்திலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்க வேண்டும். மூச்சுக்குத் தடை வந்தால் மட்டும், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பலர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்பலாம். முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதும் பயன் தராது.

இனித் திரும்பும் வழிக்கு வருவோம். 2022இல் அம்ஸ்ரடாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்வு நிபுணர்களின் சர்வதேச மாநாடு ஆறு படிகளை வகுத்தது. ஐக்கிய இராச்சியம் 2023இல், வைத்தியர் இல்லாத சிறு கழகங்களுக்கும் பாடசாலைகளுக்குமாக வெளியிட்ட வழிகாட்டல் அதே பாதையில் நாட்கணக்கைச் சேர்த்தது. எங்கள் நிலைமைக்கு இந்த இரண்டாவதுதான் கூடப் பொருந்தும் என்பது என் எண்ணம். நாளுக்கு நாள் சோதிக்க வைத்தியர் இல்லாத இடத்தில் நாட்கணக்குத்தான் பிள்ளைக்குக் காவல். அதில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அடிபட்ட நாளைப் பூச்சியம் என்று வைத்தால் 21ஆம் நாளுக்கு முன் போட்டி இல்லை. அத்தோடு, ஓய்வாக இருக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாட்கள் முழுதாகப் போகும் வரை, முட்டி மோதும் பயிற்சியும் இல்லை.

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் இது தெளிவாகும். மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் உதைபந்தாட்ட அணியில் 16 வயது மாணவி ஒருத்தி பின்கள வீராங்கனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை மாவட்ட மட்ட இறுதி ஆட்டத்தில் கோணர் பந்துக்குத் தலை கொடுக்க எழும்பியபோது எதிரணிப் பிள்ளையின் தலையோடு மோதி விழுகிறாள். நினைவு தப்பவில்லை. எழும்பியவள் கொஞ்சம் தள்ளாடினாள், யார் கோல் போட்டது என்று கேட்டதற்கு யோசித்தாள். பயிற்றுநர் வெளியே எடுத்துவிட்டார். அணி வென்றது. மாகாண மட்ட ஆட்டம் சரியாக இரண்டு கிழமை கழித்து, அதாவது 14ஆம் நாள்.

அன்று பின்னேரமே அவளை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆபத்தான அறிகுறி இல்லை என்று சில மணி நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு வைத்தியர் வீட்டுக்கு அனுப்புகிறார். சில பிள்ளைகளைக் கூடுதல் வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பி சீ.ரீ. ஸ்கான் எடுப்பார்கள். ஸ்கானில் ஒன்றுமில்லை என்ற செய்தி வந்ததும் பெற்றோரும் பயிற்றுநரும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கான் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். மூளை அதிர்வு அதில் தெரியாது. ஸ்கான் சுத்தம் என்றால் உயிராபத்து இல்லை என்று ஆறுதல் அடையலாம். விளையாடலாம் என்பதற்கு அது அனுமதி ஆகாது.

முதல் இரவு வீட்டில் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். நித்திரை கொள்ள விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். வைத்தியர் பார்த்து அனுப்பியிருந்தால் நித்திரை கொள்ளட்டும், மூளைக்கு அது தேவை. எழுப்ப முடியாமல் போனாலோ, எழுப்பியதும் பேச்சுக் குழறினாலோதான் திரும்ப ஓட வேண்டும். தலையிடிக்கு அளவோடு பரசிற்றமோல் போதும். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரினோ இபுபுறோஃபனோ கொடுக்க வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை.

ஞாயிறும் திங்களும் வீட்டில் ஓய்வு. இருட்டறையில் நாள் முழுக்கப் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. முற்றத்தில் நடக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம். கைத்தொலைபேசியை மட்டும் இந்த இரண்டு நாளும் நன்றாகக் குறைக்க வேண்டும். வயல் வேலையில் இருக்கும் பெற்றோருக்கு இதைப் பயிற்றுநர் நேரே போய்ச் சொல்வது நல்லது. துண்டு எழுதி அனுப்பினால் அது புத்தகப் பையிலேயே கிடந்துவிடும். சைக்கிளைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் கிரவல் வீதியில் நாலைந்து கிலோமீற்றர் உழக்கி வருபவர்கள். தலைச்சுற்று உள்ள பிள்ளை சைக்கிளில் விழுந்தால் அதுதான் இரண்டாவது அடி. தலைச்சுற்று முழுதாக நிற்கும் வரை யாராவது ஏற்றி இறக்கட்டும்.

செவ்வாய், 3ஆம் நாள், அவள் பாடசாலைக்கு வருகிறாள். விளையாட்டுக்கு முன் படிப்புத் திரும்ப வேண்டும் என்பது இந்த வழிகாட்டல்கள் எல்லாவற்றிலும் உள்ள ஒழுங்கு. வகுப்பில் குந்தியிருந்து படிக்கவே தலையிடிக்கிற பிள்ளையைப் பந்தோடு ஓட விட முடியாது. முதல் நாள் இடைவேளையோடு வீட்டுக்கு அனுப்பலாம். பின்னேர ரியூசன் இந்தக் கிழமை வேண்டாம். வகுப்பாசிரியரிடம் பயிற்றுநர் இரண்டு நிமிடம் கதைத்தால், கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் இருக்கும் பிள்ளை ஏச்சு வாங்குவதும் தவிரும்.

புதன், 4ஆம் நாள். காலையில் அவளுக்குத் தலையிடி பத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. இந்த நிலையில் இலேசான உடற்பயிற்சியைத் தொடங்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் பாடசாலை விட்டதும் உச்சி வெயிலில், மற்றவர்களோடு மைதானத்தைச் சுற்றி ஓட விட்டுவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் தலையிடி நாலுக்கு ஏறி, இரவு வரை இறங்கவில்லை. இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. பயிற்சியின்போது அறிகுறி பத்தில் இரண்டு புள்ளி வரை கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்றைய பயிற்சியை நிறுத்தி, அடங்கிய பிறகு குறைவான அளவில் திரும்பத் தொடங்க வேண்டும். வெயிலாலும் தாகத்தாலும் தலையிடி வந்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். வந்திருக்கலாம். ஆனால் இரண்டையும் பிரித்தறிய மைதானத்தில் வழி இல்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைகளின் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு முன் அல்லது வெயில் சாய்ந்த பிறகு, தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுச் செய்யச் சொல்கிறேன். அப்படிச் செய்யும்போது தலையிடி வந்தால் அது எதனால் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

வியாழனும் கொஞ்சம் தலையிடி. வெள்ளி, 6ஆம் நாள் காலையில் ஒன்றுமில்லை. 14 நாள் கணக்கு இந்த வெள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது, அடிபட்ட சனியிலிருந்து அல்ல. நான் பார்த்தவரை பயிற்றுநர்கள் கூடுதலாகத் தடுமாறும் இடம் இதுதான். 6ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை அறிகுறியில்லாமல் போனால்தான் 20ஆம் நாள் முட்டி மோதும் பயிற்சி. மாகாண ஆட்டம் 14ஆம் நாள். ஆகவே அவள் அதில் இல்லை. இதை அன்றே அவளிடமும் பெற்றோரிடமும் அதிபரிடமும் சொல்லிவிட வேண்டும். "பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனால் பிள்ளை தலையிடியை மறைக்கத் தொடங்கும்.

இடையில் உள்ள நாட்கள் சும்மா இருக்கும் நாட்கள் இல்லை. வெள்ளியன்று பத்து நிமிடம் வேக நடையும் மெல்லோட்டமும். முழு வசனமாகக் கதைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேகம். நாடி பிடிக்கத் தெரிந்தால், 16 வயதுப் பிள்ளைக்கு 15 விநாடியில் 28 துடிப்பு அளவு. மறுநாள் இன்னும் கொஞ்சம் வேகம், இரண்டு மூன்று சொல்லாகத்தான் பேச வரும், 15 விநாடியில் 36 வரை. திங்கள் தனியாகப் பந்தோடு ஓட்டம், திரும்பல், கூம்புகளுக்கு இடையே கொண்டுபோதல். புதன், 11ஆம் நாளிலிருந்து அணியோடு சேர்ந்து பந்து கொடுத்து வாங்கும் பயிற்சி. ஆனால் எதிராள் இல்லை, பந்தைத் தலையால் அடிப்பதும் இல்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது 24 மணித்தியாலம். இந்தக் கட்டத்தில் அவளைப் பார்த்தால் முழுதாகச் சுகமாகிவிட்டதுபோல இருக்கும். மாகாண ஆட்டமும் இந்தக் கிழமைதான். 11ஆம் நாளுக்கும் 19ஆம் நாளுக்கும் இடையில்தான் பிள்ளை கெஞ்சும், தகப்பன் "நான் கையெழுத்து வைக்கிறன் சேர்" என்பார். பெற்றோர் கையெழுத்து வைத்தால் பொறுப்பு மாறலாம், மூளையின் நிலை மாறாது.

முட்டி மோதும் பயிற்சிக்கு முன் வைத்தியரின் அனுமதி வேண்டும். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை இருக்கும், வைத்தியருக்கு நேரம் குறைவு. வெறுங்கையோடு போய் "விளையாடலாமா?" என்று கேட்டால், இப்போது தலையிடி இல்லை என்ற பதிலை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் திகதி, எப்படி அடிபட்டது, அப்போது என்ன அறிகுறி, ஒவ்வொரு நாளும் என்ன பயிற்சி, தலையிடி பத்துக்கு எத்தனை, எப்போது முழுதாக நின்றது, இதற்கு முன் எப்போதாவது தலையில் அடிபட்டதா என்பவை அதில் இருக்கட்டும். முன்பு மோட்டார் சைக்கிளில் விழுந்ததும் இந்தக் கணக்கில் சேரும், பிள்ளைகள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். வைத்தியசாலையில் முதல் நாள் தந்த துண்டையும் கொண்டுபோங்கள். கேள்வியையும் நேராகக் கேளுங்கள்: மற்றவர்களோடு மோதி விழக்கூடிய பயிற்சிக்கு இந்தப் பிள்ளையை விடலாமா?

அனுமதி கிடைத்தால் 20ஆம் நாள், வெள்ளி, முழுப் பயிற்சி. பந்துக்கு எழும்பும்போது பின்வாங்குகிறாளா, கண்ணை மூடுகிறாளா என்று கவனியுங்கள். பயம் உள்ள பிள்ளை நேரம் பிழைத்துப் பாயும், அப்போது திரும்ப அடிபடும். திங்களன்று இன்னொரு முழுப் பயிற்சி. இரண்டிலும் அன்றிரவும் மறுநாளும் ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பிறகு வரும் ஆட்டத்தில் இறக்கலாம். கணக்குப்படி 21ஆம் நாள் சனியன்றே ஆட முடியும். ஆனால் ஒரேயொரு முழுப் பயிற்சியோடு இறக்குவதை நான் விரும்பமாட்டேன்.

இந்தப் பாதை எல்லாருக்கும் பொருந்தாது. நாலு கிழமை தாண்டியும் தலையிடியோ, படிப்பில் மந்தமோ, நித்திரைக் குழப்பமோ நின்றால், படிகளை விட்டுவிட்டுத் திரும்ப வைத்தியரிடம் போய், பெரிய வைத்தியசாலையின் நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். ஒரே பருவகாலத்தில் இரண்டாவது முறை அடிபட்ட பிள்ளைக்கும் அப்படித்தான். அவளுக்கு 21 நாள் போதாது, எவ்வளவு நாள் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். துடுப்பாட்டத் தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், ஆனால் உள்ளே மூளை ஆடுவதை முழுதாக நிறுத்தாது. ஆகவே கவசம் போட்டிருந்தான் என்பதற்காக நாளைக் குறைக்க முடியாது.

பிள்ளைகள் அறிகுறியை மறைப்பதற்குப் பெரிய காரணம், இடம் போய்விடும் என்ற பயம்தான். பதினொரு பேரோடு மட்டும் திட்டம் போடும் அணியில் அந்தப் பயம் நியாயமானது. பருவகாலம் தொடங்கும்போதே ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு பிள்ளையைப் பழக்கி, பெயர்ப் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். தலையில் அடிபட்டு வெளியே போனவர் அனுமதியோடு திரும்பி வரும்போது தன் இடத்துக்கு மற்றவர்களோடு சமமாகப் போட்டியிடலாம் என்று முதற் பயிற்சி நாளிலேயே எல்லார் முன்னும் சொல்லிவையுங்கள். பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளிடமும் ஒரு வேலை கொடுங்கள்: கூட்டாளி ஒருத்தி வழமைக்கு மாறாக நின்றால் நடுவரையும் பயிற்றுநரையும் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்கும் எங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.